கச்சான் உடைக்கும் இயந்திரத்தின் காப்புரிமை: அந்தப் படங்களில் காக்கப்படுவது எது?

"ஐயா, புதுக்குடியிருப்பில் சிறிய இரும்பு வேலைத்தலம் வைத்திருக்கிறேன். 2016 முதல் கச்சான் கோது உடைக்கும் இயந்திரம் செய்து விற்கிறேன். இந்திய இயந்திரங்களைக் கொண்டுவந்து விற்கும் ஒருவர் வாட்ஸ்அப்பில் மூன்று படங்களை அனுப்பி, 'இதற்குப் பேட்டன்ட் இருக்கிறது, இனி நீங்கள் செய்யக் கூடாது' என்கிறார். முதற்படத்தில் சுருக்கம் இருக்கிறது. மற்ற இரண்டிலும் எண் போட்ட வசனங்கள். என் இயந்திரத்தில் சுழலும் உருளை, அதில் ரயர் றப்பர்ப் பட்டைகள், கீழே வளைந்த சல்லடை, கோதை ஊதும் காற்றாடி எல்லாம் உண்டு. சல்லடையை நான்கு போல்ட்டில் பூட்டுவேன். அவர்கள் எதைத்தான் தங்களுடையது என்கிறார்கள்? எளிய தமிழில் சொல்லுங்கள்."

கச்சான் உடைக்கும் இயந்திரம் என்ற பொதுப்பொருள் அவர்களுடையது அல்ல. உருளை, றப்பர்ப் பட்டை, வளைந்த சல்லடை, காற்றாடி என்பவற்றைத் தனித்தனியாகவும் அவர்கள் உரிமை கோரவில்லை. படங்களில் வாசிக்க முடிந்த அளவில் அவர்கள் கோருவது ஒரு குறிப்பிட்ட சேர்க்கையை: சல்லடை வில்லுச்சுருள்களின் மேல் அமர்ந்திருக்க வேண்டும், அதன் இரு முனைகளையும் தனித்தனியே ஏற்றி இறக்க முடிய வேண்டும், உருளைக்கும் சல்லடைக்கும் இடையிலான வெளி கச்சான் விழும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் போகப்போக ஒடுங்க வேண்டும். இவை மூன்றும், உருளை முதலான மற்றவையும் ஒரே இயந்திரத்தில் ஒன்றாக இருந்தால்தான் அது அவர்கள் எல்லைக்குள் வரும். இன்னொன்று, நீங்கள் அனுப்பிய முதற்பக்கம் காப்புரிமைப் பத்திரமே அல்ல. இந்தியாவில் கொடுத்த ஒரு விண்ணப்பத்தின் பிரசுரம். அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு முல்லைத்தீவில் எதையும் தடுக்க முடியாது. ஆனால் படங்களில் சில பகுதிகள் விடுபட்டிருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களைப் பயமுறுத்தியது முதற்படத்தில் உள்ள சுருக்கம் என்று நினைக்கிறேன். அதில் '(57)' என்ற எண்ணுக்கு எதிரே, சுழலும் உருளையும் சல்லடையும் கொண்டு கச்சான் கோதை நீக்கிப் பருப்பு உடையாமல் பிரிக்கும், குறைந்த செலவிலான, சிறு விவசாயிகளுக்கு ஏற்ற இயந்திரம் என்று எழுதியிருக்கிறது. வாசித்தால் உங்கள் இயந்திரத்தைப் பார்த்து எழுதியது போலவே இருக்கும். சுருக்கம் எழுதப்படுவது, தேடுகிறவர் இந்த ஆவணம் எதைப் பற்றியது என்று விரைவாக அறிந்துகொள்ளத்தான். எது காக்கப்படுகிறது என்பதை அது தீர்மானிப்பதில்லை. 'குறைந்த செலவு', 'பருப்பு உடையாது' போன்ற சொற்களுக்கு உரிமை எதுவும் கிடையாது. காணி உறுதியில் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டுள்ள அட்டவணைதான் காணியைத் தீர்மானிக்கிறது. 'நல்ல தண்ணீருள்ள காணி' என்று மேலே எழுதியிருப்பது அல்ல. காப்புரிமை ஆவணத்தில் அந்த எல்லை அட்டவணையாக இருப்பவை, இரண்டாம் மூன்றாம் படங்களில் எண் போட்டு வரும் வசனங்கள். அவற்றை உரிமைக்கோரல்கள் என்று சொல்வோம்.

கோரல்களுக்குப் போகுமுன் முதற்பக்கத்தின் தலைப்பகுதியைப் பார்த்துவிடுவோம். பெரும்பாலான நாடுகளின் காப்புரிமைத் தாள்களில் விபரங்களுக்கு முன்னால் அடைப்புக்குள் சிறிய எண்கள் இருக்கும். மொழி தெரியாவிட்டாலும் அந்த எண்களைக் கொண்டு எது எது என்று கண்டுகொள்ளலாம். (12) என்பது ஆவணத்தின் வகை, (19) நாடு அல்லது அலுவலகம், (21) விண்ணப்ப எண், (22) விண்ணப்பித்த திகதி, (43) விண்ணப்பம் பிரசுரமான திகதி, (71) விண்ணப்பதாரர். உங்கள் படத்தில் (12) க்கு எதிரே காப்புரிமை விண்ணப்பப் பிரசுரம் என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்பு இருக்கிறது. (19) இந்தியா. விண்ணப்ப எண்ணின் கடைசியில் A என்ற எழுத்து. (22) இல் 2021 மார்ச், (43) இல் 2022 செப்டெம்பர். விண்ணப்பித்துப் பதினெட்டு மாதம் கழித்து இந்திய அலுவலகம் தன் வாராந்த இதழில் எல்லா விண்ணப்பங்களையும் இப்படிப் பிரசுரிப்பது வழமை. அந்தக் கட்டத்தில் விண்ணப்பம் பரிசோதித்து ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பிரசுரமான பல விண்ணப்பங்கள் பின்னர் நிராகரிக்கப்படுகின்றன, கைவிடப்படுகின்றன, அல்லது கோரல்களைச் சுருக்கிக்கொண்ட பிறகே உரிமை பெறுகின்றன. ஆகவே உங்கள் கையில் இருப்பது அவர்கள் கேட்டது. அவர்களுக்குக் கிடைத்தது எது என்பதை இந்தத் தாள் சொல்லாது.

கிடைத்ததா இல்லையா என்பதை இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத்தளத்தில் அந்த விண்ணப்ப எண்ணைக் கொடுத்து இலவசமாகவே பார்க்கலாம். கிடைத்திருந்தால், ஏற்கப்பட்ட இறுதிக் கோரல்களும் அங்கே இருக்கும். வாசிக்க வேண்டியது அவற்றைத்தான். எண்ணைத் தட்டச்சு செய்யும்போது படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். உங்கள் முதற்படத்தில் தாளின் மடிப்பு விண்ணப்ப எண்ணின் குறுக்கே போகிறது. ஐந்தாவது இலக்கம் 3 ஆ 8 ஆ என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. தவறான எண் கொடுத்தால் யாரோ ஒருவருடைய மருந்து விண்ணப்பமும் வந்து நிற்கும். தலைப்பு கச்சான் இயந்திரமாகவும் விண்ணப்பதாரர் பெயர் தாளில் உள்ளதாகவும் இருந்தால்தான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள்.

இனி படங்களின் குறைபாடு. இந்தியப் பிரசுரப் பக்கத்தின் அடியில் மொத்தப் பக்கங்கள் எத்தனை, மொத்தக் கோரல்கள் எத்தனை என்று ஒரு வரி இருக்கும். உங்கள் படத்தில் கோரல்கள் 8 என்று இருக்கிறது. ஆனால் இரண்டாம் மூன்றாம் படங்களில் 1 முதல் 6 வரைதான் தெரிகின்றன. ஆறாவதும் முழுமையாக இல்லை. இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு கோரலும் எவ்வளவு நீளமானாலும் ஒரே வசனமாகவே எழுதப்படும். முற்றுப்புள்ளி கடைசியில் ஒன்றுதான். உங்கள் படத்தில் ஆறாவது கோரல் அரைப்புள்ளியோடு நின்றுவிடுகிறது. மிகுதி அடுத்த பக்கத்தில் இருக்கிறது. ஏழும் எட்டும் அங்கேதான் இருக்க வேண்டும். அனுப்பியவர் வேண்டுமென்று விட்டாரா, பக்கம் தவறியதா என்பது நமக்குத் தேவையில்லை. அந்தப் பக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது முதலாம் கோரல். ஆங்கிலத்தில் பதினொரு வரி நீளும் அந்த ஒற்றை வசனத்தைத் துண்டுகளாக உடைத்துத் தமிழில் தருகிறேன். கச்சான் கோது நீக்கும் ஓர் இயந்திரம். அதில் அடங்குவன: ஒரு சட்டகம். அதன் மேற்பகுதியில் கச்சான் கொட்டும் தொட்டி. தொட்டியின் கீழ் கிடையாகச் சுழலும் உருளை, அதன் நீளப்பாட்டுக்கு றப்பர் பூசிய பல அடிபட்டைகள். உருளையின் கீழ் அரைவட்டமாக வளைந்த சல்லடை. அந்தச் சல்லடையை வில்லுச்சுருள்களின் மேல் தாங்கி, கல் போன்ற கடினமான பொருள் அகப்பட்டால் கீழிறங்க விட்டு, இரு முனைகளையும் திருகாணியால் தனித்தனியே ஏற்றி இறக்க உதவும் பொறிமுறை. சல்லடையின் கீழ் கோதை ஊதிப் பிரிக்கும் காற்றாடி. கடைசியில், இதில் உருளைக்கும் சல்லடைக்கும் இடையிலான வெளி, கச்சான் விழும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் நோக்கிப் படிப்படியாக ஒடுங்குகிறது என்று முடிகிறது.

ஆக ஏழு விடயங்கள். ஒருவருடைய இயந்திரம் இந்தக் கோரலுக்குள் வர வேண்டுமானால் ஏழும் அதில் இருக்க வேண்டும். ஆறு இருந்து ஒன்று இல்லாவிட்டால் பொதுவாக அது வெளியே. இந்த இடத்தில் கெட்டிக்காரர்களும் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். ஒரு சாரார், கடைசியில் வரும் புதுமையான பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வெளியை ஒடுக்குவதே இனி யாருக்கும் கூடாது என்று எண்ணுகிறார்கள். அது தவறு, ஒடுங்கும் வெளி இருந்தும் வில்லுச்சுருள் இல்லாவிட்டால் கோரல் நிறையாது. மற்றச் சாரார், தங்கள் இயந்திரத்தில் மேலதிகமாக ஒன்றைச் சேர்த்தால் தப்பிவிடலாம் என்று எண்ணுகிறார்கள். பருப்பைத் தரம் பிரிக்கும் இன்னொரு சல்லடையை அடியில் பூட்டுவதும், சில்லுப் பூட்டி வயலுக்கு இழுத்துச்செல்லும்படி செய்வதும் உங்களை வெளியே கொண்டுவராது. ஆங்கில மூலத்தில் ஏழு விடயங்களுக்கும் முன்னால் நிற்கும் 'கம்ப்ரைசிங்' என்ற சொல்லுக்கு, 'இவை இருக்கின்றன, வேறும் இருக்கலாம்' என்பதே சட்டத்தில் பொருள். சேர்ப்பது பயன் தராது. அவர்கள் சொன்னவற்றுள் ஒன்று உண்மையாகவே இல்லாமல் இருப்பதுதான் பயன் தரும்.

உங்கள் இயந்திரத்தை இதன் பக்கத்தில் வைப்போம். சட்டகம், தொட்டி, உருளை, சல்லடை, காற்றாடி ஐந்தும் இருக்கின்றன. நீங்கள் பூட்டுவது றப்பர் பூசிய பட்டை அல்ல, ரயரில் வெட்டிய றப்பர்ப் பட்டை. இந்த வித்தியாசத்தை நான் நம்பமாட்டேன். அடிபடும் முகம் றப்பராக இருக்கிறது, பருப்பு உடையாமல் காப்பதே இரண்டின் வேலையும். அதையும் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்கு இடமான ஒவ்வொன்றையும் நமக்குப் பாதகமாக எண்ணிப் பார்த்த பிறகும் வெளியே நிற்க முடிந்தால்தான் நிம்மதியாக இருக்கலாம்.

மிஞ்சுவன வில்லுச்சுருளும் ஒடுங்கும் வெளியும். சல்லடையை நான்கு மூலையிலும் போல்ட்டால் பூட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். போல்ட் துவாரம் நீள்துவாரமாக இருந்தால் நீங்களும் ஒவ்வொரு முனையாக ஏற்றி இறக்க முடியும். ஆகவே அந்தப் பாதி பொருந்தக்கூடும். ஆனால் கோரல் கேட்பது அது மட்டுமல்ல. கல் அகப்பட்டால் சல்லடை தானாகக் கீழிறங்க வேண்டும் என்றும் கேட்கிறது. இறுகப் பூட்டிய சல்லடை இறங்காது. கல் வந்தால் உருளை இறுகும், அல்லது பட்டை கிழியும். இது தோற்றத்தில் மட்டுமுள்ள வித்தியாசம் அல்ல, வேலை செய்யும் விதத்திலேயே உள்ள வித்தியாசம். உங்களுக்குச் சாதகமான மிகப் பெரிய விடயம் இதுதான்.

ஒரு கேள்வி மட்டும்: போல்ட்டின் கீழ் றப்பர் வாஷர் வைக்கிறீர்களா? அதிர்வைக் குறைக்கப் பலரும் வைப்பார்கள். மெல்லிய வாஷர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தடித்த றப்பர்க் கட்டை வைத்து, அதனால் சல்லடை அமிழ்ந்து கொடுக்கிறது என்றால் நிலைமை மாறும். ஏன் என்பதற்கு இரும்பு வேலை செய்பவர்களுக்கு நன்கு விளங்கக்கூடிய ஒரு வழக்கு இருக்கிறது. கட்னிக் என்ற கம்பனி இங்கிலாந்தில் கதவு, யன்னல்களுக்கு மேலே வைக்கும் உருக்கு லிண்டலுக்குக் காப்புரிமை பெற்றிருந்தது. அதன் கோரலில் பின்பக்கத் தகடு செங்குத்தாக நிற்கும் என்று எழுதியிருந்தது. ஹில் அண்ட் ஸ்மித் என்ற கம்பனி அதே லிண்டலைச் செய்து, பின்பக்கத் தகட்டை ஒன்றில் 6 பாகையும் மற்றொன்றில் 8 பாகையும் சரித்து, 'எங்களுடையது செங்குத்து அல்ல' என்று வாதாடியது. அன்று அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1980 இல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அந்தச் சரிவால் தாங்குவலு 6 பாகையில் 0.6 வீதமும் 8 பாகையில் 1.2 வீதமும்தான் குறைந்தது. தொழில் தெரிந்த ஒருவர் அதை வாசித்தால், கணிதம் சொல்லும் துல்லியமான செங்குத்தைத்தான் காப்புரிமைக்காரர் கேட்டார் என்று எண்ணமாட்டார் என்றது சபை.

அந்தத் தீர்ப்பு இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இப்படியான கேள்வி எழும்போது நம் சட்டத்தரணிகள் எடுத்துப் பார்க்கும் வழக்குகளில் அது ஒன்று. அதன்படி பார்த்தால், வில்லுச்சுருளை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் றப்பர்க் கட்டையை வைத்துவிட்டு 'என்னிடம் வில்லுச்சுருள் இல்லை' என்பது உறுதியான காப்பு அல்ல. இறுகப் பூட்டி, இறங்காத சல்லடையாக வைத்திருப்பது உறுதியான காப்பு. வெட்டி ஒட்டிப் பெயர் மாற்றுவதை விட, உண்மையாகவே வேறு விதமாகச் செய்வதில் உங்களுக்குத் தொழில் நிம்மதியும் இருக்கும்.

ஒடுங்கும் வெளியை இங்கிருந்து நான் சொல்ல முடியாது. நீங்கள் அளந்து பார்க்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, 12, 16, 20 மில்லிமீற்றர் உருளைக் கம்பித் துண்டுகளை எடுத்து, உருளைக்கும் சல்லடைக்கும் இடையில் எது நுழைகிறது, எது நுழையவில்லை என்று பாருங்கள். வளைவின் ஆரம்பத்தில், அடியில், முடிவில் என்று மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். பிறகு அதையே உருளையின் இடது முனையிலும் வலது முனையிலும் செய்யுங்கள். இரண்டு திசையிலும் ஏன் என்றால், 'விழும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்' என்று கோரல் சொல்வது வளைவின் வழியாகவா, உருளையின் நீளப்பாட்டுக்கா என்பது வசனத்தை மட்டும் வாசித்தால் விளங்கவில்லை. விளக்கவுரையும் வரைபடமும்தான் அதைத் தீர்க்கும். கோரலில் 'சல்லடை (5)', 'உருளை (3)' என்று அடைப்புக்குள் வரும் எண்கள் அந்த வரைபடத்தின் எண்கள்.

அளக்கும்போது புதிதாகச் செய்த இயந்திரத்தை அளங்கள். பல போகம் ஓடிய இயந்திரத்தில் பெயரிங் தேய்ந்து உருளை ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். அங்கே வெளி ஒடுங்கியிருந்தால் அது தேய்மானம், உங்கள் வடிவமைப்பு அல்ல. எல்லா இடத்திலும் ஒரே அளவென்றால் முதலாம் கோரலில் இரண்டு விடயங்கள் உங்களிடம் இல்லை. ஒடுங்குகிறது என்றாலும் வில்லுச்சுருள் விடயம் நிற்கிறது. அளவுகளைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி, கம்பி நுழைந்து நிற்பதைப் படமும் எடுத்து வையுங்கள்.

2 முதல் 5 வரையான கோரல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கும் 'கோரல் 1 இல் சொன்ன இயந்திரம்' என்றே தொடங்குகின்றன. றப்பர்ப் பூச்சு 6 முதல் 10 மில்லிமீற்றர் தடிப்பு, சல்லடையைக் கழற்றி மாற்றலாம், மோட்டர் ஒரு குதிரைவலு, தொட்டியின் வாயில் அடைப்புத் தகடு என்று முதலாவதோடு ஒவ்வொன்றைச் சேர்க்கின்றன. முதலாவதற்குள் வராத இயந்திரம் இவற்றுக்குள்ளும் வராது. உங்கள் பட்டையும் அந்தத் தடிப்பில் இருந்தால் பதற வேண்டாம். ஒரு குதிரைவலு மோட்டரை யாரும் தமக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் முதலாவது கோரல் செல்லாது என்று தீர்ந்தால் பின்வாங்கி நிற்கவே இவற்றை எழுதுவார்கள்.

ஆறாவது அப்படியல்ல, அது தனித்து நிற்கிறது. 'கச்சான் கோது நீக்கும் ஒரு செயல்முறை' என்று தொடங்கி, முதலாவதைக் குறிப்பிடாமலே போகிறது. படத்தில் தெரிவது இரண்டு படிகள்தான்: கச்சானுக்கு நீர் தெளித்து ஈரமாக்குவது, பிறகு உருளைக்கும் சல்லடைக்கும் இடையே செலுத்துவது. அதற்குப் பின் தாள் முடிந்துவிடுகிறது. இதனால்தான் காணாமற்போன பக்கத்தை வற்புறுத்துகிறேன். அடுத்த படிகளில் வில்லுச்சுருள் வரலாம், வராமலும் போகலாம். செயல்முறைக் கோரல் நம் நாட்டில் செல்லுபடியாகுமானால், அது இயந்திரம் செய்கிறவரை மட்டுமல்ல, அப்படி உடைக்கிறவரையும் தொடும். அந்த முறையால் நேரடியாகக் கிடைத்த பொருளை விற்பதையும் தொடும். விதைக்கச்சான் எடுப்பவர்கள் பருப்பின் தோல் உரியாமல் இருக்க எவ்வளவோ செய்கிறார்கள். ஈரமாக்கி உடைக்கும்படி நீங்கள் வாடிக்கையாளருக்குச் சொல்லிக்கொடுப்பதுண்டா என்பதையும் எனக்கு எழுதுங்கள்.

இவ்வளவும் அவர்களுடைய எல்லை எது என்பது பற்றி. அந்த எல்லை எந்த நாட்டில் என்பது வேறு கேள்வி, உங்களுக்கு அதுவே முதற்கேள்வியாகவும் இருக்கலாம். காப்புரிமை கொடுத்த நாட்டுக்குள்தான் செல்லும். இந்தியாவில் கிடைத்த உரிமையைக் கொண்டு வன்னியில் செய்து வன்னியில் விற்பதைத் தடுக்க முடியாது. தடுக்க வேண்டுமானால் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் இலங்கையிலும் விண்ணப்பித்து உரிமை பெற்றிருக்க வேண்டும். அதற்குக் காலவரையறை இருக்கிறது. இந்திய விண்ணப்பத்தின் திகதியை முன்னுரிமையாகக் காட்டி நேரடியாக இங்கே விண்ணப்பிக்கப் பன்னிரண்டு மாதம். சர்வதேச விண்ணப்பத்தின் வழியாக வர இரண்டரை ஆண்டு. 2021 மார்ச்சிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் 2023 செப்டெம்பரோடு முடிந்துவிட்டது. அதற்குள் விண்ணப்பிக்காதவர், உலகம் முழுக்கப் பிரசுரமாகிவிட்ட தன் இயந்திரத்தைப் புதியது என்று சொல்லி இன்று இங்கே உரிமை பெறுவது மிகக் கடினம்.

அதற்குள் விண்ணப்பித்தாரா என்பதைக் கொழும்பு 10 இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். விண்ணப்பதாரர் பெயர், இந்திய விண்ணப்ப எண், தலைப்பு மூன்றையும் கொடுங்கள். இலங்கை உரிமை இருந்தாலும் அது விண்ணப்பித்த திகதியிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மட்டுமே, அதுவும் புதுப்பிப்புக் கட்டணம் தவறாமல் கட்டியிருந்தால் மட்டுமே நிலைக்கும். நீங்கள் இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்வதானால் கதை வேறு. அங்கே உரிமை கிடைத்த பின், விண்ணப்பம் பிரசுரமான நாளிலிருந்து நடந்த மீறலுக்கும் சேர்த்து இழப்பீடு கேட்கலாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விடயத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்: 2016 முதல் செய்து விற்கிறீர்கள். அவர்கள் விண்ணப்பித்ததற்கு அது ஐந்து ஆண்டு முந்தியது. அந்தத் திகதிக்கு முன்பே நல்லெண்ணத்தோடு இலங்கையில் ஒன்றைச் செய்துவந்தவர் தொடர்ந்து செய்ய நம் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். பழைய பற்றுச்சீட்டுகள், உருக்கு வாங்கிய பில்கள், கண்காட்சிப் படங்கள், இயந்திரம் வாங்கிய விவசாயச் சங்கத்தின் கடிதம் எதுவானாலும் 2021 மார்ச்சுக்கு முந்திய திகதியோடு இருப்பவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். அந்தக் காலத்தில் விற்ற இயந்திரம் ஒன்று ஒட்டுசுட்டான் பக்கத்திலோ விசுவமடுவிலோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதன் படத்தையும் எடுத்து வையுங்கள். அன்றைய சல்லடை எப்படிப் பூட்டப்பட்டிருந்தது என்பது படத்தில் தெரிய வேண்டும். 2021 க்குப் பின் நீங்கள் செய்த மாற்றங்களுக்கு இந்தப் பாதுகாப்பு நீளாது.

உங்கள் வேலைத்தலச் சுவரில் ஒட்டி வைக்க ஒரு சுருக்கம் கேட்டால் இப்படி எழுதிக்கொடுப்பேன்: 'வில்லுச்சுருளில் அமர்ந்து கல் வந்தால் இறங்கும், இரு முனையும் தனித்தனியே உயர்த்தக்கூடிய வளைந்த சல்லடையும், அதன் மேல் றப்பர்ப் பட்டை உருளையும், இடையில் ஒடுங்கிச் செல்லும் வெளியும், தொட்டி, சட்டகம், காற்றாடியும் ஒன்றாக உள்ள கச்சான் இயந்திரத்துக்கு 2021 இல் இந்தியாவில் உரிமை கேட்டிருக்கிறார்கள். கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். ஈரமாக்கி உடைக்கும் முறை ஒன்றுக்கும் கேட்டிருக்கிறார்கள். அதன் மிகுதியும் கோரல் 7, 8 உம் பார்க்கவில்லை. இலங்கையில் உரிமை இருப்பதாக எந்தத் தாளும் காட்டப்படவில்லை.' இதற்கு மேல் ஒரு வரி சேர்த்தாலும் அது படங்களில் இல்லாததைச் சொல்வதாகிவிடும்.

வேறு இயந்திரங்களுக்கும் இப்படிப் படங்கள் வரலாம் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சீனத் தாளில் எண் CN என்று தொடங்கி U என்று முடிந்தால் அது பயன்பாட்டு மாதிரி என்ற சிறிய வகை உரிமை. பத்து ஆண்டுதான், புதுமை இருக்கிறதா என்ற ஆழமான பரிசோதனை இல்லாமலே கொடுப்பது. எண் WO என்று தொடங்கினால் அது சர்வதேச விண்ணப்பம், எந்த நாட்டிலும் அது உரிமை அல்ல.

அனுப்பியவருக்குத் தொலைபேசியில் விளக்கம் சொல்லப் போக வேண்டாம். 'உங்கள் இயந்திரத்தைப் பார்த்துத்தான் கொஞ்சம் மாற்றினேன்' என்பது போன்ற ஒரு வார்த்தை பேச்சுவாக்கில் வந்தாலும் பின்னர் அதுவே சாட்சியாகும். எழுத்தில் இவ்வளவு போதும்: 'நீங்கள் அனுப்பிய மூன்று படங்களும் கிடைத்தன. அவை 2021 இன் இந்திய விண்ணப்பம் ஒன்றின் பகுதிகள். இலங்கையில் வழங்கப்பட்ட காப்புரிமை இருந்தால் அதன் இலக்கத்தையும் வழங்கிய திகதியையும், ஏற்கப்பட்ட கோரல்கள் அனைத்தையும் வரைபடங்களோடு அனுப்பிவையுங்கள். உரிமையாளரின் சார்பில் எழுத உங்களுக்கு அதிகாரம் அளிக்கும் கடிதத்தையும் இணையுங்கள். கிடைத்ததும் பரிசீலித்துப் பதில் தருகிறேன்.' இலங்கை இலக்கம் ஒன்று வந்தால், அந்தத் தாளையும் உங்கள் அளவுக் கொப்பியையும் 2016 ஆம் ஆண்டுப் பில்களையும் எடுத்துக்கொண்டு, புலமைச் சொத்து வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி ஒருவரிடம் உடனே போங்கள். வராவிட்டால், விடுபட்ட பக்கத்தை இந்திய இணையத்தளத்திலிருந்து எடுத்து எனக்கு அனுப்புங்கள். பக்கத்தைத் தட்டையாக வைத்து, நான்கு ஓரமும் தெரிய, பகல் வெளிச்சத்தில் நேர்மேலிருந்து படமெடுங்கள். ஆறாவது கோரலிலிருந்து தொடர்ந்து வாசித்துச் சொல்கிறேன்.